நாலு கோடும் நின்றது, மணி மட்டும் அடிக்கவில்லை

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரில் ஒரு செல்போன் கம்பெனியில் எனக்கு வேலை. புதிதாக டவர் எழுந்தால், வேனில் லேப்டாப்பும் போனுமாகச் சுற்றி சோதிக்க வேண்டும். கூட வருபவன் கொள்ளேகாலத்துப் பையன், டெக்னீஷியன். அன்று நஞ்சன்கூடு டவரைச் சோதிக்கக் கிளம்பினோம்.

அவன் முகத்தில் உயிரே இல்லை. முந்தின ஞாயிறு ஹனூரில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தான். மனசு முழுக்க அந்தப் பெண்தான். சம்மதமா இல்லையா என்று அவள் அப்பா அன்று காலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொல்வதாகப் பேச்சு. பந்தாவாகத் தன் செல் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

நஞ்சன்கூடு வந்தும் போன் ஊமையாகவே கிடந்தது.

"ஏனுங்ணா, சிக்னல் நாலு கோடும் முழுசா நிக்குது. புடிக்கலைன்னுதான் கூப்புடலீங்களாட்ட இருக்குது."

அணைத்தான், போட்டான், மறுபடி அணைத்தான். ஒவ்வொரு முறையும் போன் பக்கத்து டவரைத் தேடிப் பிடித்து, சிம்மைக் காட்டித் தான் யாரென்று நிரூபித்து, ஒழுங்காகப் பதிவாயிற்று.

"ஸ்வல்ப இருப்பா, கொஞ்சம் பொறு, அழாதே" என்று லேப்டாப்பைப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒவ்வொரு டவரும் தன் வட்டார எண்ணை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். எண் மாறினால்தான், "நான் இங்கே வந்துவிட்டேன்" என்று போன் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும். யாராவது கூப்பிட்டால், கடைசியாகப் பதிவான வட்டாரத்து டவர்களில் மட்டும் எக்ஸ்சேஞ்ச் அதைத் தேடும். எங்கள் ஆபீசில் பழைய டவரின் விவரத்தைப் பிரதியெடுத்து, வேண்டியதை மாற்றிப் புது டவருக்குப் போடுவது வழக்கம். இந்த முறை வட்டார எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். நஞ்சன்கூட்டு டவர் தன்னை மைசூர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பதிவு மைசூர்க் கணக்கில்தான். அவனை எக்ஸ்சேஞ்ச் மைசூர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது!

"உன்னைக் கூப்பிடவே இல்லைன்னு யார் சொன்னா? கூப்பிட்டிருந்தாலும் மணி அடிக்காதுப்பா" என்றேன்.

இங்கிருந்து கூப்பிட்டுப் பேச மட்டும் தடையில்லையே. கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர்கள் எண்ணைத் திருத்தினார்கள். சிக்னல் போய்த் திரும்ப வந்தது. புது எண்ணைக் கண்டதும் போன் தானாகவே தன் இடத்தைத் தெரிவித்தது.

டீ சொல்லிவிட்டு, இரண்டு பேரும் போனையே முறைத்துக்கொண்டிருந்தோம். டீ ஆறிப்போன பிறகு மணி அடித்தது. அவன் பாய்ந்து எடுத்தான். ஹனூர்க்காரர் போட்ட சத்தம் வேன் முழுக்கக் கேட்டது.

"காலையில இருந்து கூப்புடறனுங்க. எப்பக் கூப்புட்டாலும் ஒரு புள்ள இங்கிலீசுல பேசுது. ஆருங்க அது, மாப்பிள்ளை?"