செம்பு ஏறிய தலை

தலைக்குச் சாயம் அடிப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நாற்பத்தைந்து வயதில் எனக்கு முடி வெளுக்கத் தொடங்கியது. வெளுத்தால் வெளுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். திசையன்விளையில் கடை வைத்திருக்கும் என் மச்சினனோ அறுபதிலும் தலையைக் கன்னங்கரேலென்று வைத்திருந்தான். நாலு பேர் இருக்கும் இடமாகப் பார்த்து, "என்ன மாப்ள, தார் ரோடு போட்டாச்சா?" என்று கேட்பேன். பாவம், அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் மக்கர் பண்ணியது. நீந்தினால் நல்லது என்று டாக்டர் சொன்னதால், பாளையங்கோட்டையை அடுத்த ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். "தாமிரபரணி ஓடுத ஊருல காசு குடுத்துக் குளிக்க மனுசன் நீரு ஒருத்தர்தாம் வே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். மூன்று மாதத்தில் நான் மாடிப்படி ஏறினேன்.

ஒரு வியாழக்கிழமை மொட்டை மாடி வெயிலில் தலை துவட்டும்போது என் மனைவி கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, தலையில பாசி புடிச்சிருக்கு."

ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். அட ஆண்டவரே! காதோரமும் பிடரியும் வாழைக்குருத்து நிறத்தில் இருந்தன. வருகிற ஞாயிறு எங்கள் சர்ச்சில், ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை. ஆராதனையில் பைபிளிலிருந்து வேத பாடம் வாசிக்க வேண்டியவன் நான். பண்டிகைக்கென்று வருகிற மச்சினன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். பச்சைத் தலையோடு போய் நின்றால், கிழவன் கடைசியில் ஆசைப்பட்டு டை அடித்து, அதையும் கெடுத்துக்கொண்டான் என்றுதான் ஊர் சொல்லும். இருபது வருஷத்து மானம் கப்பலேறிவிடும்.

குளோரின் வேலைதான் இது என்று முடிவு கட்டி, மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்குப் போய், முடியில் படிந்ததை எல்லாம் எடுக்கும் ஷாம்பு கேட்டேன். கடைப்பெண் என் தலையைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, "நான் டை அடிக்கிறதே கிடையாது" என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அவள் ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தாள். மூன்று தடவை தேய்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு மொத்தமும் போய் முடி தேங்காய் நாராயிற்று. பச்சை மட்டும் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் நீச்சல் சொல்லித்தரும் பெண்ணிடம் தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். வள்ளியூர்க்காரி, சின்ன வயதிலிருந்தே நீந்துகிறவள்.

"குளோரின் முடியை வறட்டும் சார், பச்சையாக்காது. இது செம்பு. பாசி வரக்கூடாதுன்னு குளத்துல மயில்துத்தம் போடுதாங்கள்லா? கறுப்பு முடியில ஏறுனாத் தெரியாது. வெள்ளை முடி காட்டிக்குடுத்துரும். நீங்க வாங்குனது எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கது. உலோகத்தைப் புடிச்சு இழுக்க ஷாம்பு வேற."

மயில்துத்தம் என்றால் காப்பர் சல்பேட். முப்பது வருஷம் நான் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"குளத்துல இறங்கும் முன்னால ஷவர்ல தலைய நனைக்கீங்களா சார்?"

"வீட்டுல குளிச்சிட்டு வாரவன் எதுக்கும்மா மறுபடி குளிக்கணும்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "காஞ்ச முடி குளத்துத் தண்ணிய அப்படியே குடிச்சுரும். நல்ல தண்ணிய முதல்லயே குடிச்சிருச்சுன்னா இது அவ்வளவு ஏறாது. பொறவு கொஞ்சம்போல கண்டிஷனர் தடவி, அதுக்கு மேல தொப்பி போடணும். கரை ஏறினதும் உடனே அலசணும்."

நீச்சல்காரர்களுக்கென்று விற்கும் ஷாம்பு நெல்லைக் கடைகளில் இல்லை. தபாலில் வரவழைத்தால் திங்கள் ஆகிவிடும். அவள் தன் பையிலிருந்து பாதி தீர்ந்த புட்டியை எடுத்துக் கொடுத்தாள். "தேச்சதும் அலசிராதீங்க, அஞ்சு நிமிசம் ஊற விடுங்க. பொறவு கண்டிஷனர். பச்சை போக ரெண்டு நாள் போடுங்க. அதுக்கு மேல தினமும் போடாதீங்க, முடி உடைஞ்சிரும். வாரத்துக்கு ஒருக்கா போதும்."

வெள்ளி ஒரு தடவை, சனி ஒரு தடவை. என் மனைவி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கடிகாரம் பார்த்தாள். "செம்புக்குடம்னா புளி போட்டுத் தேய்ச்சு ரெண்டு நிமிசத்துல முடிச்சிருப்பேன்" என்று நடுநடுவே ஆறுதல் சொன்னாள். முதல் அலசலில் பச்சை பாதி போனது. இரண்டாவதில் முழுக்கப் போனது. அதோடு வருஷக்கணக்காக வீட்டுப் போர்வெல் தண்ணீர் ஏற்றி வைத்திருந்த மஞ்சளும் போய், தலை தும்பைப்பூவாக வந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு காலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வேத பாடம் வாசித்தேன். குரல் அன்றைக்குப் போல என்றுமே வந்ததில்லை. ஆராதனை முடிந்து அசனப் பந்திக்குப் போகும் வழியில் மச்சினன் என்னைப் பைய ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனான். என் தலையையே பார்த்தான்.

"அத்தான், நம்மளுக்குள்ள என்ன ஒளிவுமறைவு? வெள்ளையிலயும் இவ்வளவு நல்ல டை வந்திருக்கா? எந்தக் கடையில வாங்குனிய?"