முக்கோணத்துக்குள் அடங்காத கோடு

எங்கள் பள்ளியில் அவளுக்கு ‘படமெங்கே டீச்சர்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான். வடிவியல் கணக்கை எவ்வளவு அழகாக எழுதிக்கொண்டு போனாலும் முதலில் தாளைத் திருப்பிப் பார்ப்பாள். “எல்லாம் சரி. படம் எங்கே?” என்பாள். ஆசிரியர் அறையில் யாராவது வீட்டுச் சண்டையைச் சொல்லிப் புலம்பினால்கூட, “யார் எங்க நின்னாங்க, முதல்ல அதைச் சொல்லு” என்று ஆரம்பித்துவிடுவாள். நானும் கணக்கு டீச்சர்தான். அவள் பக்கத்து நாற்காலியில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், அதனால் சொல்கிறேன்.

அவள் வீட்டுக்காரரும் கணக்கு வாத்தியார், வேறு பள்ளியில். படிக்கிற காலத்தில் ஒரு நிரூபணத்துக்குச் சண்டை போட்டு, சமாதானமாகி, கல்யாணம் செய்துகொண்டவர்கள். சண்டை மட்டும் இன்னும் முடியவில்லை என்று அவர் சொல்வார். ஒரே பையன். இரண்டு கணக்கு வாத்தியார்களுக்கு நடுவில் வளர்ந்ததாலோ என்னவோ, கணக்குப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காமல் தாவரவியல் படிக்கப் போய்விட்டான். “அவனாவது நிம்மதியா இருக்கட்டும்” என்று இரண்டு பேருமே சொல்வார்கள். அவர்கள் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அது.

அந்த வருஷம் பொதுத்தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிற குழுவில் அவளைப் போட்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, அதனால் யாரிடமும் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடமாடினாள். தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும் கூடத்துக்குத் தலைமைத் திருத்துநராகவும் அவளே வந்தாள். விடைக்குறிப்பு அவள் எழுதியது. மேஜை வரிசைகளில் நாங்கள் உட்கார்ந்து திருத்துவோம். ஒவ்வொருவர் கட்டிலிருந்தும் சில தாள்களை உருவி அவள் மறுபடி பார்ப்பாள். என் பக்கத்து இருக்கையில் அவள் வீட்டுக்காரர். வீட்டில்தான் அதிகாரம் என்று பார்த்தால் இங்கேயுமா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிரச்சினை வந்தது கடைசிக் கேள்வியில். ABC ஒரு முக்கோணம். BC, CA, AB என்ற பக்கங்களின் மேல் முறையே D, E, F என்று மூன்று புள்ளிகள். BD : DC = 2 : 1, CE : EA = 3 : 2, AF : FB = 1 : 3. மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் அமையும் என நிறுவுக. ஐந்து மதிப்பெண்.

குறுக்குவெட்டிக் கோடு ஒன்று முக்கோணத்தின் மூன்று பக்கக் கோடுகளையும் வெட்டினால், அந்த மூன்று விகிதங்களைப் பெருக்க ஒன்று வரும். அதைத் திருப்பிப் போட்டு, பெருக்கல் ஒன்றா என்று பார்த்து, மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் என்று முடிப்பதுதான் வழக்கம். இங்கே இரண்டை மூன்றின் கீழ் இரண்டால் பெருக்கினால் மூன்று, அதை மூன்றில் ஒன்றால் பெருக்கினால் ஒன்று. முடிந்தது. பிள்ளைகள் கட்டுக்கட்டாக அப்படித்தான் எழுதியிருந்தார்கள், நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டே போனோம். சிலர் படம் போட்டு, மூன்று புள்ளிகளையும் சேர்க்கக் கோட்டை லேசாக வளைத்திருந்தார்கள். கைநடுக்கம் என்று நினைத்து விட்டுவிட்டோம்.

மத்தியானத் தேநீருக்குப் பிறகு அவள் எங்கள் வரிசைக்கு வந்து, வீட்டுக்காரர் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினாள். கடைசிக் கேள்விக்கு அவர் பூஜ்யம் போட்டிருந்தார்.

“இது ஏன் பூஜ்யம்?”

“அந்தப் பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்கு. பெருக்கி ஒண்ணுன்னு காட்டியிருக்கு. அப்புறம் என்ன தோணிச்சோ, மொத்தத்தையும் அடிச்சிட்டு, கேள்வியே தப்புன்னு எழுதி வச்சிருக்கு. அடிச்ச விடையைத் திருத்தக் கூடாதுன்னு நீதானே காலையில சொன்னே?”

“கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?”

“விடைக்குறிப்பு என் பொண்டாட்டி எழுதினது. அது தப்புன்னு ஒரு பிள்ளை சொல்லுது, நானும் ஆமாம்னு சொல்லிட்டா, அப்புறம் நான் எந்த வீட்டுக்குப் போறது?”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நின்றபடியே படித்தாள். அடித்த வரிகளுக்குக் கீழே பெரிதாக ஒரு முக்கோணம் இருந்தது. அளந்து குறித்த மூன்று புள்ளிகள், சேர்த்தால் அவையே இன்னொரு சின்ன முக்கோணமாக நின்றன. பக்கத்தில் எழுத்து: ஒரு கோடு ஒரு பக்கத்தின் வழியாக உள்ளே வந்தால் இன்னொரு பக்கத்தின் வழியாக வெளியே போய்விடும். மூன்றாவது பக்கத்தை அது தொட வேண்டுமானால் அந்தப் பக்கத்தை நீட்டினால்தான் முடியும். இங்கே மூன்று புள்ளிகளும் பக்கங்களின் உள்ளேயே இருக்கின்றன. எனவே ஒரே கோட்டில் இருக்க முடியாது. பெருக்கல் ஒன்று என்பதால் AD, BE, CF என்ற கோடுகள்தான் ஒரு புள்ளியில் சந்திக்கும்.

அவள் முகம் வெளுத்துப் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

என்ன நடந்தது என்று பிறகு சொன்னாள். அவள் முதலில் போட்ட கேள்வி சுத்தமானது. D என்ற புள்ளி BC-யை C-க்கு அப்பால் நீட்டிய கோட்டில் இருந்தது. ஒரு புள்ளி வெளியே, இரண்டு உள்ளே, விகிதங்களின் பெருக்கல் ஒன்று: கச்சிதமாக ஒரே கோடு. ஆனால் விடைத்தாளில் படத்துக்கென்று அச்சடித்த ஒரு கட்டம் உண்டு. முந்தைய வருஷம் நீட்டிய பக்கம் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று ஏகப்பட்ட புகார். குழுவில் இருந்த ஒருவர் “படம் கட்டத்துக்குள்ள அடங்கலையே டீச்சர்” என்று சொல்ல, இவள் D-யைப் பிடித்து BC-யின் உள்ளே வைத்துவிட்டாள். விகிதத்தை மாற்றவில்லை. ஒருமுறை பெருக்கிப் பார்த்தாள், ஒன்றுதான் வந்தது. திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஊரையே படம் போடச் சொல்கிறவள், தன் கேள்விக்குப் படம் போடவில்லை.

கூடத்துப் பொறுப்பதிகாரி நல்ல மனிதர். சத்தம் போடாமல் காரியத்தை முடிக்கத் தெரிந்தவர். விஷயத்தைக் கேட்டதும் கதவோரம் அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னார். தாளை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போயிருந்தேன்.

“இதுக்கு ஏன் டீச்சர் இவ்வளவு யோசிக்கிறீங்க? அந்தப் பிள்ளை அடிச்ச விடை உங்க குறிப்போட அப்படியே ஒத்துப் போகுது. தெரியாம அடிச்சிடுச்சுன்னு எடுத்துக்கிட்டு, அதுக்கே அஞ்சு போட்டுடலாம். அந்தப் பிள்ளைக்கும் நஷ்டமில்லை, உங்களுக்கும் கெட்ட பேர் வராது. மத்தவங்க எல்லாருக்கும் ஏற்கெனவே மார்க் போட்டாச்சு.”

உண்மையைச் சொன்னால், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. யாருக்கும் வலிக்காது. அவள் என் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள்.

“தெரியாம அடிக்கலை சார்” என்றாள். “தெரிஞ்சுதான் அடிச்சிருக்கு. அதை அப்படியே விட்டிருந்தா முழு மார்க்னு அந்தப் பிள்ளைக்கு நல்லாத் தெரியும். அது பொய்னு தெரிஞ்சு அடிச்சிருக்கு. அதுக்கே மார்க் போட்டா, நீ பொய்யையே சொல்லியிருக்கலாம்னு நாம சொல்ற மாதிரி ஆயிடும்.”

“உங்க பேரு டீச்சர்…”

“என் பேரு கேள்வித்தாள்ல இருக்கற தப்பைவிடப் பெரிசா?”

அவர் பதில் சொல்வதற்குள் அவள் கூடத்தின் முன்னால் போய்விட்டாள். கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டாள். ஒவ்வொரு பக்கத்தின் உள்ளேயும் ஒரு புள்ளி. அளவுகோலை இரண்டு புள்ளிகளில் வைத்தாள், மூன்றாவது புள்ளி எட்டாமல் நின்றது. வேறு இரண்டில் வைத்தாள், அப்போதும் அப்படித்தான். கூடம் முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

“கடைசிக் கேள்வி தப்பு. நிறுவ முடியாததை நிறுவச் சொல்லியிருக்கேன். போட்டது நான். விடைக்குறிப்பும் நான்தான் எழுதினேன், அதுவும் தப்பு. பெருக்கல் ஒண்ணுன்னா மட்டும் போதாது, புள்ளி எங்க இருக்குன்னு பார்க்கணும். மூணு உள்ள இருந்தா ஒரே கோடு கிடையாது. ஒண்ணு வெளியே, இல்லைன்னா மூணுமே வெளியே இருக்கணும்.” அளவுகோலை மேஜையில் வைத்தாள். “திருத்தின கட்டை எல்லாம் மறுபடி பிரிக்கணும். மன்னிச்சிடுங்க.”

பின்வரிசையில் யாரோ “ஐயையோ” என்றார்கள். வீட்டுக்குக் கிளம்புகிற வேளையில் கட்டைப் பிரிக்கச் சொன்னால் வேறென்ன சொல்வார்கள்? ஆனால் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும்தான் வளைந்த கோட்டுக்கு ஐந்து போட்டிருந்தோம். பொறுப்பதிகாரி மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அந்தக் கேள்வியைத் தொட்ட எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்று முடிவானது.

பூஜ்யத்தை ஐந்தாக்க, போட்டவரும் தலைமைத் திருத்துநரும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரர் போட்டார், அவள் போட்டாள். “கல்யாணத்துக்கு அப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட நல்ல காரியம் இதுதான்” என்றார். அவள் அதற்கும் சிரிக்கவில்லை. பொறுப்பதிகாரியின் மேஜைக்குப் போனாள்.

“சார், கேள்வி தப்புன்னு வெளியே அறிவிக்கணும்.”

“அதான் எல்லாருக்கும் மார்க் குடுத்தாச்சே. வீணா எதுக்கு அறிவிப்பு? உங்களை அடுத்த வருஷம் குழுவிலயே சேர்க்க மாட்டாங்க.”

“வேண்டாம் சார், சேர்க்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு வர்றது மொத்த மார்க் மட்டும்தான். தாளும் திரும்பக் கைக்குப் போகாது. சரியா எழுதினதை அடிச்சுக் கெடுத்துட்டோமேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும். நான் தப்புன்னு அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லுவாங்க?”

அவர் பேனாவை மூடி வைத்தார். மேலிடத்துக்கு எழுதி அனுப்புகிறேன் என்றார்.

குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். அதை யாரும் சொல்லவில்லை, அழைப்பு வரவில்லை, அவ்வளவுதான். அறிவிப்பு முடிவுகளுக்கு முந்தைய வாரம் செய்தித்தாளில் வந்தது, உள்பக்கத்தில், நான்கு வரி. அன்றைக்கு நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரர் சத்தமாகப் படித்தார்: கணிதத் தேர்வின் கடைசி வினா தவறானது, அதில் கேட்டபடி நிறுவ இயலாது, விடையளித்த அனைவருக்கும் முழு மதிப்பெண்.

“உன் பேரைப் போடலை. தப்பிச்சே” என்றார்.

அவள் செய்தித்தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். “நிறுவ இயலாதுன்னு போட்டிருக்காங்கல்ல?” என்று கேட்டாள்.

“போட்டிருக்கு.”

“அது படிச்சிருக்குமா?”

யாரைக் கேட்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பையனா பெண்ணா என்பதுகூட அவளுக்குத் தெரியாது, தாளில் எண் மட்டும்தான் இருந்தது.

“படிச்சிருக்கும்” என்றார் அவர். “கேள்வியையே அப்படிப் படிச்ச பிள்ளை, இதைப் படிக்காம இருக்குமா?”

அவள் அழுதாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அவர் எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார், நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.