பல்கனிக் கன்றுகள்

பச்சை வலைக்குக் கீழே நின்றால் மத்தியான வெயிலும் தண்ணீருக்கடியில் தெரிகிற வெளிச்சம் போல இருக்கும். அக்கராயன் வீதியில் இருந்த அந்தப் பூங்கன்றுக் கடைக்கு நான் போகத் தொடங்கியது கன்று வாங்க. பிறகு போனதெல்லாம் அந்த வெளிச்சத்துக்காகத்தான். ஈரத் தென்னந்தும்புத் தூளின் மணமும், எங்கேயோ ஒரு வாளிக்குள் சொட்டுகிற குழாயின் சத்தமும் சேர்ந்தால் எனக்கு நித்திரை வருவது போல ஒரு மயக்கம் வரும். அலுவலகத்துக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கிய நாட்களும் உண்டு.

நான் கிளிநொச்சி நகரத்தில் ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். இரண்டு கதிரை போட்டால் நிரம்பிவிடும் ஒரு பல்கனி. அதில் நான் சாகடித்த கன்றுகளுக்குக் கணக்கில்லை. கடைக்கார அக்கா ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்து, "திரும்பவும் கொலை செய்ய வந்திட்டீரோ?" என்று கேட்டுக்கொண்டே புதிதாக ஒன்றை எடுத்துத் தருவா. அவாவின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவா பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான் என்பதால் எங்களைப் போலவே கதைப்பா. கோபம் வந்தால் மட்டும் மலைநாட்டுத் தமிழ் வரும். அது வந்தால் நாங்கள் ஓர் எட்டுப் பின்னால் போய்விடுவோம்.

கடையின் முகநூல் பக்கத்துக்கு எழுதிக் கொடுப்பது என் வேலையாகிப் போனது. அதற்கு முன் அக்கா போட்ட படங்களுக்குக் கீழே, கன்றைப் பேச்சில் சொல்வது போலவே, "கண்டு உண்டு" என்று மட்டும் இருக்கும். அதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. எழுத்து விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

புரட்டாதி முடிகிற நேரம், கடைக் காணியின் சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து அதில் வீடு கட்டப்போகிறார் என்ற செய்தி வந்தது. திங்கட்கிழமை காணி துப்புரவாக்க இயந்திரம் வரும். அக்காவின் மகள் வவுனியாவில் ஒரு மேல்மாடி வீட்டில் இருக்கிறா, அக்காவும் அங்கே போவதாக முடிவாகிவிட்டது. சின்னக் கன்றுகளை விற்பது பெரிய காரியமில்லை. பிரச்சினை தாய்க்கன்றுகள். கொப்பு வெட்டி நடுவதற்காக வளர்த்து வைத்திருக்கும் பெரிய மரங்களை அவா தாய் என்றுதான் சொல்லுவா. செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். கடைசியாக மிஞ்சியது கடதாசிப்பூத் தாய்.

அது படலைக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துத் தொட்டியில் நின்றது. சண்டை முடிந்து அக்கா அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, யாருமில்லாத ஒரு வளவின் வேலியிலிருந்து முறித்துவந்த ஒற்றைக் கொப்பு அது. இப்போது அடிமரம் என் தொடையளவு. நகரத்தில் எந்த மதிலில் அந்த ஊதாச் சிவப்பைக் கண்டாலும் அது இதன் பிள்ளை என்று அக்கா சொல்லுவா. நானும் பேருந்தில் போகும்போது யன்னலால் பார்த்துக்கொண்டே போவேன். மதிலுக்கு மதில் அந்த நிறம் வந்துகொண்டிருக்கும்.

"எந்தப் பல்கனியிலயும் அது நிக்காது தங்கச்சி," என்றா அக்கா. "திங்கட்கிழமை அதை மிசின் கிளப்பிறதை நான் பாக்கமாட்டன். அதுக்கு முதல் ஆராவது கொண்டுபோகோணும். சும்மா ஆருக்கும் குடுக்கவும் மாட்டன். வளக்கிற ஆளாப் பாத்து எழுதும்."

வார இறுதி விற்பனைக்கு அன்று எழுதியதுதான் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது. செடி என்று போட்டிருந்தேன். செடி எண்டு இங்க ஆர் சொல்றது, கண்டு எண்டு போடும் என்று அக்கா வெட்டினா. தண்ணீர் ஊற்றுங்கள் என்று போட்டிருந்தேன். ஊத்தக் கூடாது, பொம்பிளைப்பிள்ளையள் வாளியோட கவிழ்க்குதுகள், காட்டோணும் என்றா. எழுத்துத் தமிழ் என்பதால் கண்டைக் கன்று ஆக்கினேன். மற்றதெல்லாம் அவாவின் சொற்கள். எழுதி முடித்தபோது இப்படி இருந்தது:

"பல்கனிக் கன்றுகள்! இந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் விலைக்கழிவு. அக்கராயன் வீதி, பச்சை வலை போட்ட காணி. பெரிய தாய் ஒன்றும் உண்டு. தாயும் கன்றும் சேர்த்து எடுப்பவருக்கு இன்னும் குறைவு. கொண்டுபோன முதல் கிழமை நிழலில் வைத்திருங்கள், பிறகு மெல்ல மெல்ல வெயிலுக்கு விடுங்கள். காலையில் தண்ணீர் காட்டுங்கள். சோளகக் காற்று அடிக்கும் பக்கம் நிறுத்தாதீர்கள்.

சாடியின் அடியில் ஓட்டை இருக்கவேண்டும். அதன்மேல் ஓர் ஓட்டுத்துண்டு வைத்து மண், தும்புத்தூள், உக்கிய மாட்டெரு மூன்றையும் கலந்து நிரப்புங்கள். விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், அடியால் வழியும்வரை தண்ணீர் விடுங்கள். தட்டில் தேங்குவதைக் கொட்டுங்கள், நுளம்பு பெருகும். குழாய்க்கிணற்றுத் தண்ணீரால் இலையில் வெள்ளை படிந்தால் மழைத்தண்ணீரால் துடையுங்கள். கடதாசிப்பூவுக்கு வெயில் கூட, தண்ணீர் குறைய. வாடினால் எங்களிடம் கொண்டுவாருங்கள், குப்பையில் போடாதீர்கள்."

சனிக்கிழமை நல்ல சனம். வங்கியில் வேலை செய்கிறவர்கள், ஆஸ்பத்திரி விடுதியில் இருக்கும் தாதிமார், எல்லோரும் பத்துமணிப்பூவும் கற்றாழையும் கறிவேப்பிலையுமாக அள்ளிக்கொண்டு போனார்கள். சோளகம் அடிக்கிற பக்கம் எது என்று ஒரு தாதி கேட்டபோது, அக்கா அவாவின் விடுதிச் சுவரைக் காற்றில் கீறிக் காட்டி விளக்கினா. கடதாசிப்பூத் தாயோடு நின்று படமெடுத்தவர்கள் பலர், கேட்டவர் ஒருவருமில்லை. ஞாயிறு மத்தியானத்தோடு மேசைகள் வெறுமையாகின. பச்சை வெளிச்சம் மட்டும் நிலத்தில் கிடந்தது. முன்பு அதைப் பார்த்து மயங்கிய எனக்கு அன்று அழுகை வந்தது. அக்கா தொட்டியைச் சுற்றிச் சுற்றிக் காய்ந்த இலை பொறுக்கினா. பொறுக்குவதற்கு அங்கே ஓர் இலையும் இருக்கவில்லை.

அப்போதுதான் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பின்னால் பெட்டியோடு வந்து படலையில் நின்றது. இறங்கிய ஐயாவுக்கு அறுபது வயதிருக்கும். கையில் புதுக் கயிறு. பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, ஒரு வாளி தண்ணீரும் வைத்திருந்தார். உருத்திரபுரத்திலிருந்து வருவதாகச் சொன்னார். வலைக்கடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்குமிங்கும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பல்கனி எண்டது என்ன இனம் பிள்ளை? சிந்தி, ஜேர்சி தெரியும். இது புதுசோ?"

எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கிவிட்டது. பிறகுதான் எனக்குத் தெரிந்தது, நான் எழுதியதை யாரோ அவர்களின் ஊர்க் குழுவுக்குப் படமில்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். கைபேசித் திரையில் சோளகம் வரைதான் தெரிந்திருக்கிறது, மிச்சம் "மேலும் வாசிக்க" என்பதற்குள். குசினியில் நின்ற மருமகள் தெரிந்த வரைக்கும் மாமாவுக்கு உரத்து வாசித்துக் காட்டியிருக்கிறா. தாயும் கன்றும், நிழலில் வை, காலையில் தண்ணீர் காட்டு. மாடு வளர்த்த எவருக்கு அதில் சந்தேகம் வரும்?

"என்னாத்த எழுதி வச்ச நீ?" என்று அக்கா என்னைப் பார்த்தா. மலைநாட்டுத் தமிழ். நான் ஓர் எட்டுப் பின்னால் போனேன். அடுத்த கணம் அவா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா. அந்தக் கிழமை முழுக்க நான் காணாத சிரிப்பு. விஷயத்தைச் சொன்னதும் ஐயாவும் ஒரு கதிரையில் இருந்து, கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அவர் முகம் சீக்கிரமே விழுந்துவிட்டது. போன மாரியில் பசு செத்துப்போனதாம், அதிலிருந்து கொட்டில் வெறுமையாகக் கிடக்கிறதாம். வெட்கத்தில் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

குடித்து முடித்து எழும்பினவர், "அப்ப தாய் எண்டு போட்டது எதை?" என்று கேட்டார்.

அக்கா கையைக் காட்டினா. காணி போகிறது, நாளைக்கு இயந்திரம் வருகிறது, தான் வவுனியாவுக்குப் போகிறேன் என்று சொன்னா. ஐயா கிட்டப்போய் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார், மாட்டின் கழுத்தைத் தட்டுவது போல. பிறகு தலைக்கு மேலே இருந்த பூவையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாயைத் தாங்கோ. கொட்டிலடியில நிக்கட்டும்," என்றார்.

பின்னேரம் முழுக்க அந்த வேலைதான். அக்கா கத்தரிக்கோலால் கொப்புகளை அரைவாசிக்கு மேல் வெட்டினா. தொட்டியின் அடியால் வேர் நிலத்துக்குள் இறங்கியிருந்தது. அதை அறுத்தால் அவ்வளவு இலைக்கும் தண்ணீர் கொடுக்க அதால் முடியாது. பூக்கள் ஊதாக் குவியலாக விழ, ஐயா அலவாங்கால் தொட்டியைக் கிளப்பி, வேரை அறுத்து, அடியை நனைத்த சாக்கால் சுற்றினார். பக்கத்துக் கடைக்காரர்கள் கை கொடுத்து, வைக்கோலுக்கு மேல் ஏற்றினோம். புதுக் கயிறு வீணாகவில்லை. அக்கா சொல்லிக்கொண்டே இருந்தா: இரண்டு கிழமை நிழல் வேணும், துளிர் வரும்வரை எரு போடக்கூடாது, தண்ணீர் அளவாக. ஐயா ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்றார். காசை நீட்டியபோது அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டா.

விளம்பரத்தில் எழுதியது எழுதியதுதானே. மேசையில் மிஞ்சியிருந்த ஒரேயொரு சின்னக் கடதாசிப்பூக் கன்றைக் கொண்டுவந்து ஐயாவிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, இரண்டு இலையைத் தடவிவிட்டு, அக்காவின் கையில் வைத்தார்.

"கண்டு உங்களோட வரட்டும். பால் மறந்த கண்டு, இருந்திடும். தாய்தான் கொஞ்ச நாள் தேடும். இடைக்கிடை வந்து பாத்திட்டுப் போங்கோ."

லான்ட்மாஸ்டர் திருப்பத்தில் மறையும்வரை அக்கா அந்தச் சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படலையில் நின்றா. அன்றிரவு, விற்பனை முடிந்தது என்று போடட்டா எனக் கேட்டேன். தாய் விற்கப்பட்டது என்று எழுத என் கை வரவில்லை. அக்காதான் சொன்னா, நான் அப்படியே போட்டேன்: "தாய் உருத்திரபுரத்தில் நிற்கிறது."

மாரி தொடங்கிக் கொஞ்ச நாளில் ஐயா எனக்குத் தொலைபேசி எடுத்தார். மழைச் சத்தத்துக்கு மேலால் கத்தினார்: தாய் நிண்டு பிடிச்சிட்டுது, துளிர் காட்டுது, அவாவுக்குச் சொல்லுங்கோ. உடனே வவுனியாவுக்கு எடுத்தேன். அக்கா பல்கனியில்தான் நின்றா. அங்கேயும் மழை, கன்றைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருப்பதாகச் சொன்னா. நான் விஷயத்தைச் சொன்னேன். சாடி இழுபடுகிற சத்தம் நின்றது. அழுகிறா என்று விளங்கியது.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டா:

"காலமையிலதானே தண்ணி காட்டினவராம்?"