அக்காவின் பவரும் அம்மாவின் மஞ்சளும்

தாலுகா ஆபீஸ் என்றதும் நிறையப் பேருக்கு முகம் சுருங்கும். எனக்கு இன்றைக்கும் ஒரு குஷி வரும். எண்பதுகளின் நடுவில் அந்தக் கட்டடத்துக்குள் நான் என் அக்காவாகப் போய் உட்கார்ந்தேன். அந்த ஒரு காலை நேரத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு பரபரக்கும்.

அக்கா குவைத்தில் நர்ஸ். லீவில் வந்தபோது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு அப்பால், சித்தப்பாவின் மானாவாரிக் கொல்லையிலிருந்து ரோட்டோரத் துண்டு ஒன்றை வாங்கினாள். திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டு இங்கேயே இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயில் அந்த வீட்டுப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. கிரயப் பத்திரம் பதிவானது. பட்டா மாற்றத்துக்கு மனுவும் கொடுத்தாள். கொல்லையை அளந்து, அவள் துண்டைத் தனி உட்பிரிவாகப் பிரித்து, அவள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குள் லீவு முடிந்து விமானம் ஏறிவிட்டாள்.

அதன்பிறகுதான் அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்து, மண்ணுக்குக் கிராக்கி வந்தது. லாட்ஜ் கட்ட ஒருவர் சித்தப்பாவின் கொல்லையை முழுசாகக் கேட்டார். முழுசாக என்றால் ரோட்டோரத் துண்டும் சேர்த்து. பட்டா இன்னும் சித்தப்பா பெயரிலேயே இருந்தது. அவர் கெட்ட மனுஷர் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆனாலும் அக்காவின் மனுவுக்கு ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டார். மனு விழுந்துபோனால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். தாசில்தார் விசாரணைக்கு நோட்டீஸ் அனுப்பினார். மனுதாரரோ, முறையாக அதிகாரம் பெற்றவரோ ஆஜராகாவிட்டால் மனு தள்ளுபடி.

அக்கா உடனே ஏர்மெயிலில் ஒரு கடிதம் போட்டாள். என் தங்கை சொல்வதெல்லாம் நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவும் என்று தாசில்தாருக்கு எழுதி, கீழே பெரிசாகக் கையெழுத்து. அதை வாங்கிப் பார்த்த கிளார்க் சிரித்துவிட்டார். இது வீட்டுக்கு எழுதற லெட்டரும்மா, அங்கே இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அவர் சான்றளித்த பவர் பத்திரம் வேண்டும் என்றார். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. எனக்கு மூச்சு வந்தது.

நான் அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்திரம் எழுதுபவரிடம் வாசகம் வாங்கி நானே டைப் அடித்தேன். தாசில்தார், சர்வே, பதிவு அலுவலகங்களில் ஆஜராகவும், வாக்குமூலம் கொடுக்கவும், அளக்கும்போது கூட நிற்கவும், பட்டா பெறவும் அதிகாரம். பத்திரக்காரர் பழக்கதோஷத்தில் விற்கவும் அதிகாரம் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அதை மட்டும் அடிக்காமல் விட்டேன். அந்த மண்ணை விற்கிற அதிகாரம் என் கையில் இருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா கையெழுத்துப் போட்டு, தூதரக முத்திரையோடு அது திரும்பி வந்த அன்று நான் தெருவில் ஓடினேன். வெளிநாட்டுப் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் கலெக்டர் ஆபீசில் நம் ஊர் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். அப்போது எங்களுக்கு வேலூர்தான் மாவட்டத் தலைநகர். பஸ் பிடித்துப் போய், அதையும் முடித்துக்கொண்டு, ராஜகுமாரி மாதிரி வந்து இறங்கினேன்.

எல்லாம் ஆயிற்று என்று பத்திரத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் வகுப்புக்குப் போனேன். எங்கள் வீட்டில் எந்தப் பத்திரம் வந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்து வைத்து, நடுவே குங்குமம் இட்டு, கோயிலில் சாமி பாதத்தில் வைத்து எடுத்து வருவது வழக்கம். அம்மா குறை வைக்கவில்லை. அதிலும் பெண் கடல் தாண்டி அனுப்பியது என்று மஞ்சளைத் தாராளமாகவே வைத்திருந்தாள். தூதரகத்தின் ஊதா முத்திரை கீழ் மூலையில் இருந்தது. ஈர மஞ்சளில் மை கரைந்து ஓடி, முத்திரை இருந்த இடத்தில் கத்தரிக்காய்ப் பொரியல் மாதிரி ஒரு திட்டு. பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவைத் திட்டவும் முடியவில்லை. மறுநாள் விசாரணை.

தாசில்தார் அறையில் சித்தப்பா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நான் பத்திரத்தை நீட்டினேன். தாசில்தார் முன்னும் பின்னும் திருப்பினார். வேலூரில் குத்திய முத்திரை, கட்டணம் கட்டியதற்குத்தான் சாட்சி; கையெழுத்து உண்மை என்பதற்குத் தூதரக முத்திரை தெரிய வேண்டும் என்றார்.

சித்தப்பா எழுந்தார். "ஐயா, இது எங்க அண்ணன் பொண்ணு கையெழுத்துன்னு யாரு கண்டா? இவளே டைப் அடிக்கறவ. இவளே போட்டுக்கினு வந்திருக்கலாம்."

கோபம் தலைக்கேறியது. என்னைப் பொய்க்காரி என்று, அதுவும் சைக்கிள் கற்றுக்கொடுத்த வாயால். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, பத்திரத்தைக் கொஞ்சம் தரச் சொல்லி வாங்கினேன். கை தானாக அதன் பின்பக்கத்துக்குப் போனது. மாணவிகள் அடித்த தாளை நான் முதலில் தடவித்தான் பார்ப்பேன். யார் சாவியை ஓங்கிக் குத்துகிறாள் என்று தாளின் முதுகு சொல்லிவிடும். மஞ்சள் மூலையின் முதுகில் என் விரல் நின்றது. மேடு. வட்டமாக ஒரு மேடு, அதற்குள் எழுத்து எழுத்தாகச் சின்னச் சின்ன மேடுகள்.

"சார், இங்க தொட்டுப் பாருங்க," என்றேன். குரல் கிறீச்சிட்டது.

தாசில்தார் தொட்டார். எழுந்து ஜன்னலோரம் போய், தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ரப்பர் முத்திரைக்கு மேலேயே அழுத்து முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். மை போனாலும் தாளில் பதிந்த சிங்கம் போகவில்லை. அவர் பூதக்கண்ணாடி வைத்து வட்டத்தைச் சுற்றி ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். என் இதயம் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிற எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் அடிப்பதுபோல் அடித்தது.

"தூதரக முத்திரைதான். பவர் செல்லும்," என்றார். பிறகு சித்தப்பாவிடம், "வித்தது நீங்கதானே? கிரயத்துல இருக்கற கையெழுத்து உங்களுதுதானே?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "என்னுதுதாங்க," என்றார்.

அன்றைக்கு என் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார்கள். அக்காவின் பெயரை எழுதி, அவருக்காக, அதிகாரம் பெற்ற முகவர் என்று போட்டுக் கீழே கையெழுத்திட்டேன். வெளியே வந்ததும் ஊருக்கு மேலே நிற்கிற மலையைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தேன். வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தந்தி ஆபீசுக்கு நடக்கவில்லை, ஓடினேன்.

சர்வேயர் வந்து அளந்தபோதும் நான்தான் கூட நின்றேன். சித்தப்பாவும் வந்திருந்தார். அளவுச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார். அதன்பிறகு ஒருநாள் அக்கா பெயரில் பட்டா வந்தது. எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு தயாராக நின்றாள். நான் சட்டென்று பட்டாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"பயப்படாதடி. அதைத் தொடமாட்டேன்," என்றாள் அம்மா. "கையைக் குடு."

கையெழுத்துப் போட்ட என் வலது கையை இழுத்து, உள்ளங்கை நிறைய மஞ்சளைப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அக்காவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.