ஐம்பது விழுக்காட்டுக் கட்டம்

2026 ஏப்ரல் இருபத்தேழு, திங்கட்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அம்மாவின் ஸ்கிரீன்ஷாட் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள உணவகத்தில் வகுப்பு முடிந்து உட்கார்ந்திருந்தேன். வருமான வரி இணையதளத்தின் சுருக்கப் பக்கம் அது. மலாயில், ஒரே அளவு எழுத்தில், வரிசையாகத் தொகைகள். அதன் கீழே அம்மா எழுதியிருந்தார்: “அனுப்புறதுக்கு முன்ன ஒருக்கா பாரு மா. போன வருஷம் மாதிரி தப்பாகிடக்கூடாது.”

அம்மா கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறார். போன ஆண்டு ஒரு தொகையைத் தவறான கட்டத்தில் போட்டுவிட்டு, பிறகு வந்த கடிதத்தை மூன்று நாள் திறக்காமலே வைத்திருந்தார். அதிலிருந்து அந்தப் பக்கம் என் பொறுப்பு.

நோட்டின் ஒரு தாளை நான்காகப் பிரித்தேன். வருமானம், கழிவு, தள்ளுபடி, ஏற்கெனவே கட்டியது. வருமானத்தில் ஒரே வரிதான்: சம்பளம் 54,000. முதலாளி கொடுத்த ஆண்டுச் சம்பளப் படிவத்தோடு ஒப்பிட்டேன், சரி. கழிவில் தனிநபருக்கு 9,000. சேமநிதிக்கு 4,000, அம்மா கட்டியது அதைவிட அதிகம், ஆனால் வரம்பு அவ்வளவுதான். சமூகப் பாதுகாப்புக்கு 350. மருத்துவக் காப்புறுதிக்கு 1,800. சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்த 960 கழிவல்ல. அது கட்டிவிட்ட வரி. நான்காவது கட்டத்துக்குப் போயிற்று.

“தே ஆறிடுச்சு தங்கச்சி,” என்றார் கடை அண்ணன், என் தேநீர்க் குவளையைக் காட்டி. “கணக்கு வாத்தியாரா நீங்க?”

“இல்லண்ணே, இலக்கியம்.”

“அதுக்கு எதுக்கு இவ்ளோ நம்பர் லா?”

வாழ்க்கைமுறைச் செலவில் 2,218 என்று இருந்தது. அம்மாவை அழைத்துக் கேட்டேன்.

“போன் வாங்கினேன்ல, ஆயிரத்து நூத்தம்பது. மிச்சம் வீட்டு இன்டர்நெட், மாசம் எண்பத்தொம்பது.”

“இன்டர்நெட் அப்பா பேர்ல இருக்கும்மா. அத உங்க கழிவுல போட முடியாது.”

“காசு நான்தானே கட்டுறேன்?”

“பில்லுல உங்க பேர் இருக்கணும்.”

“வீட்ட விட்டுப் போனவர் பேரு வைஃபைல மட்டும் குந்திக்கிட்டு இருக்கு. சரி, அடிச்சிடு.”

1,068 ஐ அடித்தேன். மீதி 1,150.

கடைசி வரியில் நான் இருந்தேன். பதினெட்டு வயதைத் தாண்டி முழுநேர உயர்கல்வி பயிலும் பிள்ளை, ஒருவர், நூறு விழுக்காடு, 8,000. பக்கத்திலேயே ஐம்பது விழுக்காட்டுக்கு ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. பிரிந்த பெற்றோர் இருவரும் பிள்ளையைப் பராமரித்தால் ஆளுக்குப் பாதி. ஒருவர் மட்டும் பராமரித்தால் அவருக்கு முழுதும்.

அப்பா பூச்சோங்கில் இருக்கிறார். விவாகரத்து முடிந்து இரண்டு ஆண்டாகிறது. அவர் எங்களுக்கு ஒரு காசும் தருவதில்லை என்று அம்மா சொல்வார். சித்தியிடமும் அலுவலகத் தோழிகளிடமும் கோயிலிலும் அதையே சொல்லியிருக்கிறார். கடந்த ஆண்டு முழுதும் அவரிடமிருந்து மாதம் முந்நூறு ரிங்கிட் என் கணக்கில் விழுந்தது எனக்குத் தெரியும். முதல் மாதமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டாம் மாதம் சொன்னால் முதல் மாதத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியே பன்னிரண்டு ஆயிற்று.

நடைமேடையில் நின்று அப்பாவை அழைத்தேன்.

“உங்க வரிப் படிவத்துல என்னைப் போட்டிருக்கீங்களாப்பா?”

“போட்டிருப்பாரு. ஃபோட்டோஸ்டேட் கடைக்காரர்தானே ரொப்புறாரு. போன வருஷத்தப் பார்த்து அப்படியே எழுதுவாரு. இன்னும் அனுப்பல. ஏன் பாப்பா?”

“முழுசாவா, பாதியா?”

“அதுல பாதி வேற இருக்கா?”

“அம்மா முழுசாப் போட்டிருக்காங்க. ரெண்டு பேரும் முழுசாப் போட்டா பிரச்சினை.”

அவருக்குப் பின்னால் ஒரு லோரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

“நான் உனக்குக் காசு அனுப்புறது அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப விடு. என்னை எடுத்துடச் சொல்றேன். அம்மாவே முழுசாப் போட்டுக்கட்டும். உனக்கு எதுக்கு வம்பு.”

அன்று என் வாடகை அறைக்குப் போகாமல் வீட்டுக்குக் கிளம்பினேன். கிள்ளான் ரயிலில் கணக்கை மூன்று விதமாகப் போட்டேன். நான் இல்லாவிட்டால் அம்மாவுக்கு வரி 762. முழுதும் போட்டால், வரிக்குரிய வருமானம் முப்பத்தையாயிரத்துக்குள் இறங்குவதால் கிடைக்கும் நானூறு தள்ளுபடியும் சேர்ந்து, 41. பாதி போட்டால், அப்போதும் தள்ளுபடி உண்டு, 161. முழுதுக்கும் பாதிக்கும் இடையில் நூற்று இருபது ரிங்கிட். அப்பா விலகிக்கொண்டால் எந்தக் கடிதமும் வராது. அம்மாவுக்கும் தெரியவராது. தாளில் எல்லாத் தொகையும் தனக்குரிய தலைப்பின் கீழ் இருந்தது. அந்த மூவாயிரத்து அறுநூறுக்கு மட்டும் இடமில்லை. அதை ஓரத்தில் எழுதி வைத்தேன்.

வீட்டில் அம்மா அலுவலகச் சட்டையோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தாளை மேசையில் வைத்தேன்.

“எல்லாம் சரியா?”

“ஒண்ணு மட்டும் பாதியாப் போடணும். என் பேர் இருக்கிற வரி. மிச்சப் பாதி அப்பாவுக்கு.”

“ஏன்? உனக்கு அவர் என்ன கட்டினாரு?”

“மாசம் முந்நூறு. என் கணக்குல.”

அம்மாவின் கை நிற்கவில்லை. ஒரு தண்டைக் கிள்ளினார், இன்னொன்றைக் கிள்ளினார்.

“எத்தனை மாசம்?”

“பன்னிரண்டு. இந்த வருஷமும்.”

“நீ சொல்லல.”

“சொல்லல.”

“ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் போனேன். உன் ரூம் வாடகைக்கு. அந்தக் காசையும் நீ வாங்கிக்கிட்ட.”

அது உண்மை. அந்த முந்நூறைத் தொடாமல் வைத்திருக்கிறேன் என்பதும் உண்மை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அது இன்னும் மோசமாகத்தான் ஒலிக்கும் என்று தோன்றியது. ஆனாலும் சொன்னேன். அம்மா கீரையை அலசப் போனார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். கீரையில் உப்பில்லை. நான் உப்பு கேட்கவில்லை. அவரும் எடுத்து வரவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு அம்மாவின் போனை வாங்கி வரைவைத் திறந்தேன். வாழ்க்கைமுறைச் செலவை 1,150 ஆக்கினேன். நூறு விழுக்காட்டுக் கட்டத்திலிருந்து என்னை எடுத்து ஐம்பதில் போட்டேன். தொகை 4,000 ஆனது. தாளில் இருந்ததும் திரையில் இருந்ததும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தேன். அம்மா தலை வாரிக்கொண்டே கேட்டார். என் வரி வந்தபோது சீப்பு நின்றது.

“பாதி,” என்றேன்.

“கேட்டுச்சு.”

கடைசிப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணும் கடவுச்சொல்லும் கேட்டது. அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, திரும்பி நின்று தட்டினார். அந்தக் கடவுச்சொல் எனக்கு ஏற்கெனவே தெரியும், அவரே சொல்லியிருந்தார். ரசீதைச் சேமித்துவிட்டு போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் வேலைக்குக் கிளம்பிய பின் அப்பாவுக்கு எழுதினேன்: “நீங்களும் பாதி போடுங்க. அம்மாவுக்குத் தெரியும். இன்டர்நெட்ட அம்மா பேருக்கு மாத்த உங்க கையெழுத்து வேணும்.” பிறகு தாளை மடித்து ஆண்டுச் சம்பளப் படிவத்தோடு கோப்பில் வைத்து, ஏழு நாற்பது ரயிலுக்கு நடந்தேன்.