ஒரே எண்ணில் இரண்டு பேர்

ஒரு நாளைக்கு எண்பது செய்திகள். சில திங்கட்கிழமைகளில் நூறைத் தாண்டும். நாற்பத்தாறு வயதான அந்தப் பெண்ணின் பகல்பொழுது முழுவதும் இந்தக் கணக்குக்குள்தான் கழிகிறது. ஒரே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், பத்து நாற்காலிகள் கொண்ட அந்தக் கிளினிக்கில் அவள் வரவேற்பு மேசைக்காரி. நர்ஸுக்கு அக்கா, நோயாளிகளுக்கு மேடம், மேனேஜருக்கு வெறும் 'ஏம்மா'.

முன்பு ஒரு அச்சகத்தில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே மையின் நாற்றம். இங்கே வேறு வகை. கிளினிக்கின் எண்ணுக்குச் செய்தி அனுப்பலாம் என்று பலகை வைத்த நாளிலிருந்து ஊரில் உள்ளவர்கள் தங்கள் உடம்பை அவளுக்குப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். காலைத் தேநீரை வாய்க்குக் கொண்டுபோகும்போது திரையில் ஒரு கட்டி உடைந்து நிற்கும். அடுத்தது யாரோ ஒருவரின் கழிப்பறைக் கிண்ணம், 'இது நார்மலா?' என்ற கேள்வியோடு. பெயர் இருக்காது, தேதி இருக்காது, 'ஹாய்' மட்டும் இருக்கும். இராத்திரி சாப்பாட்டில் வேலைக்கதை பேசக்கூடாது என்று டயர் கடையில் வேலை பார்க்கும் கணவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டு வருஷம் மூன்றாகிறது.

அவள் வேலை அருவருப்பதல்ல, பிரிப்பது. புதிதாக நேரம் கேட்பவர்கள் ஒரு பக்கம், ரத்து செய்பவர்கள் ஒரு பக்கம், நாள் மாற்றக் கேட்பவர்கள் ஒரு பக்கம். நெஞ்சுவலி, மூச்சு முட்டுகிறது என்று எழுதுகிறவர்களுக்கு நேரமே கொடுக்கமாட்டாள். உடனே கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வாள். ஒருவர் ரத்து செய்தால் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவரைக் கூப்பிடுவாள். ரத்து செய்தவர் யார் என்று பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு உறுதி செய்யாமல் எதையும் அழிப்பதில்லை. ஏனென்றால் பாதி வீடுகளில் ஒரே போன்தான். அந்த ஒரு எண்ணில் மாமியார், மருமகள், குழந்தை மூவரும் நோயாளிகளாக இருப்பார்கள். செய்தி யாருடையது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கடைசியாக யாருக்கு நினைவூட்டல் போனதோ அவர் தலையில் கட்டிவிடும்.

மேனேஜர் டாக்டரின் மச்சினன். அவர் வருவதற்கு முன்பே அவருடைய சென்ட் வந்துவிடும் என்பதால் நர்ஸ் அவருக்கு 'ஊதுபத்தி' என்று பெயர் வைத்திருந்தாள். காலியாகும் நேரம் உடனடியாக நிரம்ப வேண்டும், கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது வெட்டிவேலை என்பது அவர் கொள்கை. காத்திருப்போர் பட்டியல் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. இன்னொன்று அவருடைய சட்டைப்பையில் இருந்த போனில் இருந்தது. இரண்டாவதுதான் வேகமாக நகரும்.

அந்தப் புதன்கிழமை காலை, முந்தைய இரவு வந்த செய்திகளை அவள் பிரித்துக்கொண்டிருந்தாள். 'நாளைக்கு வர முடியவில்லை, ரத்து செய்யவும்' என்று ஒன்று. பெயரில்லை. எண்ணைத் தட்டிப் பார்த்தால் இரண்டு பேர். துணிக்கடையில் பில் போடும் பெண்ணுக்குக் கை அரிப்புக்காகப் பதினொரு மணி. சர்க்கரை நோயாளியான அவள் அப்பாவுக்குக் கால் புண்ணுக்காக நான்கு மணி. கம்ப்யூட்டர் வழக்கம்போல அப்பாவின் நேரத்தைச் சிவப்பாகக் காட்டியது. ரத்தை ஏற்கவா என்று கேட்டது.

அவள் மகளைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் தோளுக்குப் பின்னால் சென்ட்.

"நாலு மணி காலியா?"

"இல்ல சார், ஒரே நம்பர்ல ரெண்டு பேர் இருக்காங்க. யாரோடதுன்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

"ரத்து பண்ணுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. இதுல என்னம்மா கேக்கறதுக்கு இருக்கு?" என்றவர், அவள் கையைத் தாண்டி மவுஸை எடுத்தார். அப்பா போனார். அந்த இடத்தில் மேனேஜருக்குத் தெரிந்த ஒரு கட்டட முதலாளியின் மனைவி பெயர் வந்து உட்கார்ந்தது. முகத்தில் ஒரு மரு, வெகுநாளாக இருப்பது. மவுஸ் அவள் கைக்குத் திரும்பி வந்தபோது சென்ட் மணத்தது. சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

உடனே மறுபடியும் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் கதவு திறந்ததும் கூட்டம் மொய்த்துக்கொண்டது. மெடிக்கல் சர்டிபிகேட்டுக்காக ஒருவர் சண்டை பிடித்தார், ஒரு குழந்தை தரையில் வாந்தி எடுத்தது. அந்த எண் அவள் மனதிலிருந்து நழுவிவிட்டது. ஒரு மணிக்கு மகளே கூப்பிட்டாள். கடையில் வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்களாம், சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் கிடைக்குமாம்.

"மேடம், என்னோடதைத்தான் ரத்து பண்ணச் சொன்னேன். அரை நாள்தான் லீவு கொடுத்தாங்க. அப்பாவைக் கூட்டிட்டு வரணும்ல."

அப்பாவின் நேரம் போய்விட்டதைச் சொல்லாமல், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். மென்றுகொண்டே எழுதச் சொன்னார்: 'உங்கள் ரத்துக் கோரிக்கை ஏற்கப்பட்டது. அடுத்து உள்ள நேரம், வரும் வாரம் வியாழக்கிழமை.'

"அவங்க தப்பு பண்ணலையே சார்."

"பேர் போடாதது யார் தப்பு? நாமளா?" விரலை நக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

மேசைக்கு வந்து, சொன்னதை எழுத்து மாறாமல் தட்டச்சு செய்தாள். பதினொரு வருஷ வேலை கையை அதுவாகவே ஓட்டியது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது அதே எண்ணிலிருந்து ஒரு படம் வந்து விழுந்தது. 'காலைல கட்டு மாத்தும்போது எடுத்தேன் மேடம், நாத்தம் வேற. நாலு மணி வரைக்கும் பரவாயில்லையா?'

பெருவிரல் கரித்துண்டு போல இருந்தது. அதைச் சுற்றிப் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ ஒழுகியது. இத்தனை வருஷம் எத்தனையோ படங்களைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறாள். இந்தப் படத்தில் அருவருக்க எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. தட்டச்சு செய்து வைத்திருந்த அந்த இரண்டு வரிகள்தான் குமட்டின. அழித்தாள்.

படத்தை நர்ஸிடம் காட்டினாள். நர்ஸ் போனை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள். உள்ளே ஒரு நோயாளி சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் ஒரு பார்வை பார்த்தார்.

"நாலு மணியெல்லாம் வேண்டாம். இப்பவே வரச் சொல்லுங்க."

ஆட்டோவில் வந்தார்கள். கைத்தாங்கலாக நடந்து வந்த பெரியவர் கட்டின் வாடைக்காக நாற்காலியில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதி, அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அவரே போன் செய்து, நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மச்சினனை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடும்பத்து ஆள் அல்லவா.

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கட்டட முதலாளியின் மனைவி செய்தி அனுப்பினாள். வெயிலாக இருக்கிறதாம், இன்னொரு நாள் வருகிறாளாம். கூடவே சிரிக்கும் முகம் ஒன்று.

மேனேஜர் அதைப் படித்துவிட்டுக் கையைத் தட்டினார். "பார்த்தியா, கடைசியில யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பெரியவரோடதை நோயாளியே ரத்து செய்தார்னு கம்ப்யூட்டர்ல இருக்கில்ல, அப்படியே விட்டுடு."

"மாத்திட்டேன் சார். பொண்ணு ரத்து பண்ணது அவங்களோடதை. அப்பாவோடதை நாம கேக்காமப் பண்ணோம். அப்படித்தான் போட்டிருக்கேன்."

"நாமன்னா யாரு?"

"நீங்க மவுஸைப் பிடிச்சீங்க, நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். ரெண்டு பேரும்தான்."

அவர் சிரித்தார். நேர்மையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள், இது சின்ன இடம் என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தபடி வெளியே போனார். அவர் போன பின்னும் வாடை போகவில்லை. அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். பெரியவரின் கட்டு வாடை அரைமணி நேரத்துக்கு முன்பே அடங்கிவிட்டிருந்தது.

கிளினிக்கை மூடும் நேரத்தில் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இந்த முறை அப்பாவின் பெயரையும் பிறந்த தேதியையும் முதலில் போட்டிருந்தாள். நாளைக் காலை எட்டு மணிக்கு அறுவை. விரல் மட்டுமா, பாதமுமா என்பது அப்போதுதான் தெரியும்.