பக்கத்து வீட்டு சர்வீஸ் நம்பர்

மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு, விலாசம் என்றால் தபால் வந்து இறங்கும் ஊர்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கான கடிதங்கள் அந்த ஊர் பெயரில் வந்து, தோட்டத்து குமாஸ்தாவான கிராணி கையால் கிடைக்கும். யார் கேட்டாலும் அந்த ஊரையே சொல்வோம். தோட்டத்தை விட்டு அம்பாங்கான் டவுனுக்குக் குடிவந்து வெகுகாலம் ஆகியும் இந்தப் புத்தி போகவில்லை.

அதே புத்தியோடுதான் போன வருடம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். என் தங்கை அங்கே வாழ்க்கைப்பட்டவள். கணவர் இறந்தபிறகு அவருடைய அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. டீ போடுவதற்குக்கூட ஓரகத்தியிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வீட்டை ஒட்டியே இருந்த, கணவரின் பங்கு மனையில் சின்னதாக ஒரு வீடு கட்டி முடித்திருந்தாள். கரண்டு வந்தால் மோட்டார் ஓடும், தொட்டியில் தண்ணீர் ஏறும், அவள் குடிபோகலாம்.

விலாசத்தில் இருந்த டவுனைப் பார்த்து, அந்த டவுன் மின்வாரிய ஆபீசுக்கே அவளை அழைத்துப் போனேன். பத்திரம், வரி ரசீது, ஆதார் எல்லாம் பையில். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா மனையின் இடத்தைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"இது எங்க செக்ஷன்ல வராதுன்னு நினைக்கிறேன் சார். பின்கோடு வச்சுச் சொல்ல முடியாது. எந்த ஆபீஸ் லைன் உங்க பக்கம் போகுதோ, அங்கதான் மனு. பக்கத்து வீட்டுக் கரண்டு அட்டையில இருக்கற சர்வீஸ் நம்பர் இருந்தா உடனே தெரிஞ்சிடும். செக்ஷன் அதுலயே இருக்கு. தப்பான செக்ஷன்ல போட்டீங்கன்னா திரும்பி வந்துடும்."

பக்கத்து வீடு என்றால் அவள் கணவரின் அண்ணன் வீடுதான். வீடு கட்டுவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எப்போது போகிறாய் என்று அவர் கேட்டதுமில்லை, இவள் சொன்னதுமில்லை.

"நான் கேக்குறேன்லா," என்றேன் பஸ்ஸில்.

"வேணாண்ணே. நானே கேக்குறேன்."

வீட்டில் கணவரின் அண்ணன் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தங்கை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"மாமா, நம்ம வீட்டு சர்வீஸ் நம்பர் வேணும். அந்த வீட்டுக்குக் கரண்டு கேக்கணும். எந்த ஆபீஸ்னு தெரியல."

அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு நிமிடத்தில் மின் அட்டையோடு வந்தார். நம்பரை அவரே நிறுத்தி நிறுத்திப் படித்தார். அட்டையில் இருந்த ஆபீஸ் பெயரையும் சொன்னார். அது டவுன் அல்ல; ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாங்கள் கேள்விப்படாத ஊர்.

"காலையிலயே போயிடு. அப்புறம் இன்ஜினியர் லைன் பாக்கப் போயிடுவாரு. பஸ் கிடைக்காது, நான் ஆட்டோவுக்குச் சொல்றேன்."

சொல்லும்போதே போனை எடுத்துவிட்டார். தங்கை சரி என்றாள். அந்த வீட்டில் அவளுக்காக அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.